பொருள், பார்வை, நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, செப்டம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஸ்டோர் கீப்பர் தங்கையன் ஒரு மாத விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, "என்ன பாய், சௌக்கியமா?" என்று கேட்டபடி சாவிக்குக் கை நீட்டினார்.

கணக்கு மேஜையில் இருந்த அப்துல் சலாம் நிமிர்ந்து பார்த்தார். டைப்ரைட்டரில் காகிதம் செருகிக்கொண்டிருந்த லூர்துராணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தங்கையனுக்கு இந்த அலுவலகத்தில் வேலை முடிந்துபோய் ஒரு மாதம் ஆகிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. அதற்கான கடிதத்தை அடித்ததே அவள்தான்.

"சாவி எங்க பாய்?" என்றார் தங்கையன் மறுபடியும்.

அப்துல் சலாம் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தங்கையா, உனக்கு லெட்டர் கொடுத்தாச்சே."

"ஆமா, கொடுத்தாங்க. லீவு லெட்டர். அதான் முடிஞ்சு வந்துட்டேனே."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. முதுகுப் பிடிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொல்லி, குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டும் காட்டினார். யாரும் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மெல்ல மாறியது.

திருச்சி பெரிய கடை வீதியில் இருந்தது ரத்தினவேல் எஞ்சின் கம்பெனி. லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு ஆயில் எஞ்சினும் பம்ப் செட்டும் விற்கிற இடம். முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் உதிரி பாகங்கள் வைக்கிற ஸ்டோர் ரூம். அந்த அறைக்குப் பதினொரு வருஷமாகத் தங்கையன்தான் பொறுப்பு. வாஷர் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த எஞ்சினுக்கு எந்த வால்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் எஞ்சின் தயாரிக்கிற சென்னைக் கம்பெனி, இனி உதிரி பாகங்களை நாங்களே டெப்போ திறந்து விற்றுக்கொள்கிறோம் என்று ஜூலை மாதம் எழுதிவிட்டது. ஸ்டோரை மூடியாக வேண்டும். ஸ்டோர் இல்லாத இடத்தில் ஸ்டோர் கீப்பர் எதற்கு?

முதலாளி ரத்தினவேல் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்று லூர்துராணி பிற்பாடு நினைத்துக்கொண்டாள். ஜூலைக் கடைசியில் ஒரு நாள் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ராணி, தங்கையனை நிறுத்தணும்மா. எனக்கு நேரா சொல்ல வாய் வராது. ஒரு லெட்டர் எழுது. மனசு நோகாம எழுது" என்றார்.

அவளும் மனசு நோகாமல் எழுதினாள். ஒவ்வொரு வரியையும் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினாள். பொருள் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டதற்கு, "பணி குறித்துன்னு போடேன்" என்றார். பார்வையில் என்ன போடட்டும் என்றாள். முந்தைய கடிதம் எதையாவது அங்கே சுட்ட வேண்டுமே. அவர் மேஜையைத் துழாவினார். முதுகு வைத்தியத்துக்காக ஆகஸ்ட் மூணாம் தேதி முதல் ஒரு மாதம் விடுப்பு கேட்டுத் தங்கையன் எழுதிய காகிதம் அகப்பட்டது. "இதைப் போடு. இது ஒண்ணுதானே அவரு எழுதினது இருக்கு" என்றார். அன்று வெள்ளிக்கிழமை, ஜூலை இருபத்தெட்டு. அந்தத் தேதியையே மேலே அடித்தாள். ஆனால் கையெழுத்துப் போட்ட முதலாளி கடிதத்தைக் கொடுக்க மனசில்லாமல் ஐந்து நாள் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். ஆகஸ்ட் இரண்டாம் தேதி மாலையில்தான் அதைத் தங்கையன் கையில் கொடுத்து, "உடம்பைப் பார்த்துக்கங்க தங்கையன்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். நகலில் 'பெற்றுக்கொண்டேன், தங்கையன்' என்று கையெழுத்து இருந்தது. தேதி இல்லை.

இப்போது தங்கையன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

"நீங்களே படிங்க பாய். சத்தமா படிங்க."

அப்துல் சலாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"நாள், இருபத்தெட்டு ஏழு அறுபத்தொன்று. பொருள், தங்கள் பணி குறித்து. பார்வை, தாங்கள் பத்து ஏழு அறுபத்தொன்றில் கொடுத்த விடுப்பு விண்ணப்பம். தாங்கள் பல்லாண்டுகளாக ஆற்றிவரும் சேவையை நிர்வாகம் மிகவும் பாராட்டுகிறது. சூழ்நிலையை உத்தேசித்தும் தங்கள் உடல்நலத்தைக் கருதியும் இம்மாத இறுதியுடன் தங்களுக்கு ஓய்வளிக்க நிர்வாகம் இசைந்துள்ளது. தங்கள் நலனுக்கு எங்கள் வாழ்த்துகள்."

படித்து முடித்ததும் அவரே இன்னொரு தரம் மனசுக்குள் படித்தார். உதடு அசைவது தெரிந்தது.

"லீவு கேட்டேன். லீவு லெட்டரைப் பார்த்து எழுதியிருக்காங்க. உடம்பைக் கருதி ஓய்வுன்னு இருக்கு. ஓய்வுன்னா ரெஸ்ட்தானே? மாசக் கடைசிவரைக்கும் ரெஸ்ட் எடுத்துட்டு வான்னுதானே அர்த்தம்?" என்றார் தங்கையன்.

"இறுதியுடன்னு இருக்கு. கடைசிவரைக்கும்னு இல்ல" என்றார் அப்துல் சலாம், நிச்சயமில்லாமல்.

"எந்த மாசக் கடைசி? லெட்டர்ல போட்டிருக்கிறது ஜூலை. என் கையில கொடுத்தது ஆகஸ்ட். ஜூலையோட முடியுதுன்னா, முடிஞ்சுபோன மாசத்துக்கு அப்புறமா லெட்டர் கொடுப்பாங்க?"

லூர்துராணி எழுந்துபோய் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். தான் அடித்த எழுத்துதான். இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஆனால் அந்த அர்த்தம் எங்கே இருக்கிறது என்று இப்போது தேடினால் அகப்படவில்லை. அவளுக்குத் தெரிந்தது சாத்திய கதவுக்குப் பின்னால் முதலாளி வாயால் சொன்ன சங்கதி. காகிதத்தில் அது ஏறவே இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு தரம் படித்தாள். தங்கையன் சொன்ன அர்த்தம்தான் அதில் நன்றாகப் பொருந்தியது.

"முதலாளி புதுக்கோட்டை போயிருக்கார். வியாழக்கிழமை வருவார்" என்றார் அப்துல் சலாம்.

"சரி. அதுவரைக்கும் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பூட்டியிருந்த ஸ்டோர் ரூம் வாசலில் தன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் தங்கையன்.

செவ்வாய்க்கிழமையும் வந்து உட்கார்ந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தபோது, செப்டம்பர்ப் பக்கத்தில் அவர் பெயரே இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆகஸ்ட் பக்கத்தைப் புரட்டினார். அதிலும் முதல் இரண்டு நாளுக்கு அவர் கையெழுத்து, அப்புறம் வெறும் கட்டம். 'லீவு' என்றும் இல்லை, பெயரை அடித்தும் இல்லை. அப்துல் சலாமுக்கும் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. தங்கையன் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். துறையூரிலிருந்து பிஸ்டன் ரிங் கேட்டு வந்த ஒருவர் பழக்கத்தில் அவரிடமே போய் நின்றார். "எந்த மாடலுங்க?" என்று எழுந்தவர், கையில் சாவி இல்லாதது நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தார். லூர்துராணி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொல்ல வேண்டிய நாலு கடிதங்களில் தப்பாக அடித்து, கிழித்து, மறுபடி அடித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் தங்கையன் மனைவி மயிலம்மாள் வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தாள். தங்கையன் சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போயிருந்த நேரம் அது. அதைப் பார்த்துத்தான் வந்தாளோ என்னவோ, நேரே டைப்ரைட்டர் மேஜைக்கு வந்தாள்.

"நீங்கதானேம்மா எழுத்து அடிக்கிறவங்க?"

"ஆமாக்கா. உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தை எங்க தெருவுல நாலு பேருகிட்ட காட்டிட்டோம். ஒருத்தரு லீவுன்னாரு. இன்னொருத்தரு பென்ஷன் மாதிரின்னாரு. கோயில்ல கணக்கு எழுதுற சாமி பார்த்துட்டு, 'நிர்வாகம் இசைஞ்சிருக்குன்னா, நீங்க என்னமோ கேட்டு அவா சம்மதிச்சிருக்கான்னு அர்த்தம், நீங்க என்ன கேட்டேள்'னு எங்களையே கேக்குறாரு. இவரு ராத்திரி தூங்குறதில்ல. கோபப்படவும் தெரியல அவருக்கு, யாரு மேல கோபப்படுறதுன்னு தெரியாம."

லூர்துராணி டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லு. அங்க ஸ்டோரு பார்க்க ஆள் வேணும்னாங்க. நேத்து சாயங்காலம் இவரு போனாரு. முந்தின இடத்துலேர்ந்து விட்டாச்சுன்னு லெட்டர் இருக்கான்னு கேட்டாங்களாம். இதைக் காட்டினாரு. 'இதுல லீவுன்னுல்ல இருக்கு, நீ இன்னும் அங்க வேலையில இருக்கிற ஆளு, உன்னை எப்படிப்பா எடுக்குறது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." அவள் குரல் உடையவில்லை. அதுதான் லூர்துராணிக்குக் கஷ்டமாக இருந்தது. "வேலை போச்சுன்னா போச்சுன்னு சொல்லுங்கம்மா. நான் அழுதுட்டு அடுத்த சோலியைப் பார்ப்பேன். இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம எப்படி இருக்குறது?"

"போச்சுக்கா" என்றாள் லூர்துராணி. சொன்ன பிறகுதான், சொல்லத் தனக்கு அதிகாரம் உண்டா என்ற யோசனை வந்தது. "அவரை நிறுத்தணும்னுதான் அந்த லெட்டர் எழுதினது. ஸ்டோரை மூடுறாங்க."

மயிலம்மாள் தலையை ஆட்டினாள். பின்பக்கக் கதவில் தங்கையன் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டுவிட்டார்.

"எப்போலேர்ந்து தங்கச்சி?" என்றார், கையை வேட்டியில் துடைத்தபடி.

லூர்துராணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஜூலை முப்பத்தொன்று என்று சொல்லலாமா? அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் கையெழுத்துப் போட்டு வேலை பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் முப்பத்தொன்று என்றால், கடிதத்தின் தலையில் ஜூலை இருக்கிறது. இன்றைக்கு என்றால், தான் வாயால் சொன்னது ஒரு கம்பெனியின் உத்தரவு ஆகிவிடுமா?

"எனக்குத் தெரியலண்ணே" என்றாள்.

வியாழக்கிழமை காலை முதலாளி வந்து இறங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். வணக்கம் சொன்னார். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, "இவர் ஏன் இங்க இருக்கார்?" என்று அப்துல் சலாமைக் கேட்டார். அவர் லூர்துராணியைப் பார்த்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள், மயிலம்மாளிடம் தான் உளறியதையும் சேர்த்து.

"அவருக்குப் புரியலையா? பல்லாண்டு, சேவை, பாராட்டு எல்லாம் எழுதியிருந்தோமே."

"அதனாலதான் சார் புரியல."

ரத்தினவேல் கோப்பிலிருந்த நகலை எடுத்துப் படித்தார். பிறகு வக்கீல் அழகர்சாமிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, கடிதத்தின் நகலோடு அவளைக் கண்டோன்மெண்டுக்கு அனுப்பினார்.

வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். கறுப்புக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நகலைப் படித்தார்.

"இது என்ன, பிறந்தநாள் வாழ்த்தா?"

"இல்லைங்க சார். வேலையிலேர்ந்து நிறுத்தற லெட்டர்."

"யாரும்மா சொன்னது? இந்தக் காகிதம் சொல்லலையே. ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்தவரைக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நிறுத்தணும்னா நியாயமான காரணம் வேணும், ஒரு மாச நோட்டீஸ் வேணும். இதுல காரணமும் இல்ல, நோட்டீசும் இல்ல. ஸ்டோர் மூடுறது காரணம்தான், ஆனா அதை எழுதணுமே. அவரு அப்பீல் போகணும்னா, உத்தரவு கைக்கு வந்த நாள்லேர்ந்து கணக்கு. இதுல எந்த நாள்னு எவன் சொல்லுவான்? பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து இருக்கு, அதுக்குக் கீழ தேதி எங்க?"

"போடல சார்."

"அப்ப ஒண்ணும் நடக்கல. அவரு இன்னிக்கும் உங்க ஸ்டோர் கீப்பர்தான். ஆகஸ்ட் மாசம் லீவு. முதல்லேர்ந்து எழுது." இன்னொரு கையையும் கோட்டில் நுழைத்துக்கொண்டு அவர் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

முதல்லேர்ந்து எழுது என்று சொல்வது சுலபம். அலுவலகத்துக்குத் திரும்பி வந்து காகிதத்தைச் செருகி, பொருள் என்று அடித்து இரண்டு புள்ளி வைத்தவளுக்கு அதற்கு மேல் விரல் ஓடவில்லை. 'பணி ஓய்வு' என்று எழுத முடியாது. அந்த வார்த்தைதான் ஏற்கனவே ஊர் சிரிக்க வைத்தது. 'பணி விடுவிப்பு' என்று யோசித்தாள். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றும்போதும் விடுவிப்பு என்றுதான் எழுதுகிறார்கள். 'பணி நிறுத்தம்' என்றால், கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்வார்களோ என்று தோன்றும். தொழிற்சங்கக்காரர்களோ வேலைநிறுத்தம் என்று படிப்பார்கள். 'பணி நீக்கம்' தெளிவாக இருந்தது. கனமாகவும் இருந்தது. அவள் அதை அப்துல் சலாமிடம் காட்டினாள்.

"வேண்டாம் தாயி. நீக்கம்னா திருடினவனை அனுப்புற மாதிரி இருக்கு. நாளைக்கு ரைஸ் மில்லுல காட்டினா என்ன நினைப்பாங்க? அவன் மேல ஒரு தப்பும் இல்லையே."

"அப்ப என்னதான் பாய் எழுதுறது?"

"நடக்குறது என்னவோ அதை எழுது."

நடக்கிறது என்ன? அவருடைய வேலை முடிகிறது. எந்த வேலை? ஸ்டோர் கீப்பர் வேலை. ஏன்? ஸ்டோர் மூடப்படுகிறது. என்றைக்கு? அங்கேதான் மறுபடி முட்டிக்கொண்டது. 'ஒரு மாதத்தில்' என்று எழுதினால், அடித்த நாளிலிருந்து ஒரு மாதமா, கொடுத்த நாளிலிருந்தா என்று ஆளுக்கு ஒன்று எண்ணுவார்கள். 'இம்மாத இறுதி' பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணவே இடமில்லாமல் ஒரு தேதியைச் சொல்லிவிட வேண்டும். நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள். நாளை வெள்ளி, எட்டு. முதலாளி உடனே கையெழுத்துப் போட்டு சனிக்கிழமை ஒன்பதாம் தேதி கையில் கொடுத்தால் ஒரு மாதம் அக்டோபர் ஒன்பதோடு ஆகிறது. பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி போக வேண்டும், அது போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். யாரும் ஒரு நாள் குறைகிறது என்று சொல்லாதபடி தள்ளி வைக்க வேண்டும். அக்டோபர் பதினாலு சனிக்கிழமை. அதில் விரலை வைத்தாள். ஒரு மனிதனின் பதினொரு வருஷத்துக்குத் தான் விரல் வைத்த இடத்திலா முடிவு என்று நினைத்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

பார்வைக்கு அலமாரியைக் குடைந்தாள். விடுப்பு விண்ணப்பத்தை இந்த முறை தொடக்கூடாது. முடிகிற வேலை எங்கே ஆரம்பித்ததோ அந்தக் காகிதம் வேண்டும். பழைய கோப்புகளின் அடியில், பூச்சி அரித்த ஓரத்தோடு கிடைத்தது: நியமன உத்தரவு எண் பதினேழு, நாள் 14-4-1950. ரத்தினவேலின் அப்பா கையெழுத்துப் போட்டது. அதை முதலாவதாக எழுதினாள். இரண்டாவதாக ஜூலைக் கடிதம். அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு கடிதமும் உயிரோடு இருந்து ஒன்றோடொன்று சண்டை போடும். எனவே அதை ரத்து செய்கிறோம் என்று உள்ளே ஒரு வரி வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அடித்து முடித்ததை முதலாளி முன்னால் வைத்தாள்.

நாள்: 8-9-1961

பொருள்: ஸ்டோர் கீப்பர் வேலை 14-10-1961 மாலையுடன் முடிவடைவது – ஒரு மாதத்துக்குக் குறையாத முன்னறிவிப்பு.

பார்வை: 1. தங்கள் நியமன உத்தரவு எண் 17, நாள் 14-4-1950. 2. எங்கள் கடிதம், நாள் 28-7-1961 (இதனால் ரத்து செய்யப்படுகிறது).

அதற்குக் கீழே ஐந்தே வரி. உதிரி பாகப் பிரிவு மூடப்படுவதால் மேற்படி வேலை 14-10-1961 அன்று முடிகிறது. அதுவரை தாங்கள் வேலையில் இருக்கிறீர்கள். ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 2 வரை தாங்கள் இல்லாதது கேட்ட விடுப்பாக ஏற்கப்பட்டது. ஜூலைக் கடிதம் செல்லாது. தங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ரத்தினவேல் பொருள் வரியைத் தாண்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு பச்சையாவா ராணி? படிச்ச உடனே நெஞ்சுல அடிக்குது."

"படிச்ச உடனே தெரியணும்னுதான் சார்."

"பதினொரு வருஷம். எங்கப்பா வெச்ச ஆளு. ஒரு நல்ல வார்த்தை முன்னாடி போட்டு..."

"நல்ல வார்த்தையை நீங்க வாயால சொல்லுங்க சார். காகிதத்துல வேண்டாம்." இவ்வளவு பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "நாம வலிக்காம எழுதினோம். அவங்களுக்கு ஒரு வாரமா வலிக்குது."

அவர் மீதி வரிகளையும் படித்து முடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆனால் அன்று கொடுக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவரே அறையை விட்டு வெளியே வந்து, ஸ்டூலுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"தங்கையன், இதை நான் ஜூலையிலயே நேரா சொல்லியிருக்கணும். சொல்லத் தைரியம் இல்ல."

தங்கையன் கடிதத்தை வாங்கிப் பொருளைப் படித்தார். உள்ளே இருந்த ஐந்து வரியையும் படித்தார். லூர்துராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாரோ, கத்துவாரோ என்று பயந்தாள். அவர் தேதியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்டோபர் பதினாலு சாயங்காலம்வரைக்கும் நான் ஸ்டோர் கீப்பருங்க."

"ஆமா."

"அதுக்கு மறுநாள் இல்லீங்க."

"இல்ல."

"இதை வெச்சு நான் மேல அப்பீல் போகணும்னா போலாமா?"

ரத்தினவேல் ஒரு நிமிஷம் திகைத்தார். "போலாம். லேபர் ஆபீஸ்ல காட்டிக் கேளுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

தங்கையன் நகலில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே ஒன்பது ஒன்பது அறுபத்தொன்று என்று தேதி போட்டார். லூர்துராணி கேட்காமலே போட்டார். பிறகு எழுந்து நின்று, "சாவியைக் கொடுங்க பாய். துறையூர்க்காரர் நாலு நாளா பிஸ்டன் ரிங்குக்கு அலையறாரு" என்றார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். திங்கட்கிழமை அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரைஸ் மில்லுக்குப் போனபோது, சனிக்கிழமைதான் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதம் ஒரு வாரம் முன்னால் அவர் கையில் இருந்திருந்தால் கதை வேறு. அதை அவர் அலுவலகத்தில் சொல்லவில்லை. மயிலம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. லேபர் ஆபீசுக்கும் ஒரு நாள் போய் வந்தார். அங்கே இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, காரணமும் தேதியும் ஒழுங்காக இருக்கிறது, ஸ்டோர் நிஜமாகவே மூடுகிறார்களா என்று மட்டும் கேட்டாராம். "ஆமாங்க, நானே பெட்டி கட்டிக்கிட்டிருக்கேன்னேன்" என்று தங்கையன் சொன்னார். அப்பீல் போடவில்லை.

அந்த ஐந்து வாரமும் அவர் பெட்டி கட்டினார். ஒவ்வொரு தட்டாகக் காலி செய்து, பட்டியல் எழுதி, லூர்துராணியிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். நடுநடுவே பாதி நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வேலை தேடிப் போனார். இப்போது யார் கேட்டாலும் காட்ட அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. என்றைக்கு வர முடியும் என்ற கேள்விக்குப் பதிலும் இருந்தது. அக்டோபர் முதல் வாரம் லால்குடியில் ஒரு பம்ப் செட் ஒர்க்‌ஷாப்பில், பதினாறாம் தேதி திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். முன்பைவிடச் சின்ன இடம்தான். தினம் ரயிலில் போய் வர வேண்டும், முதுகு என்ன சொல்லுமோ தெரியாது.

பதினாலாம் தேதி மாலை அப்துல் சலாம் மிக்சர் வாங்கி வந்தார். ரத்தினவேல் அந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் வாயால் சொன்னார். தங்கையன் கை கூப்பினார். ஆணியிலிருந்து தூக்கை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி தெருவில் இறங்கும்போது லூர்துராணி வாசல்வரை வந்தாள்.

"என்மேல கோபமாண்ணே?"

அவர் யோசித்தார். உபசாரத்துக்கு இல்லை என்று சொல்லிவிடாமல், உண்மையிலேயே யோசித்தார்.

"முதல் லெட்டருக்குக் கோபம் இருக்கு. ரெண்டாவதுக்கு இல்ல. ரெண்டாவதுதான் என் வேலையை எடுத்துச்சு. ஏன் அப்படின்னு எனக்கே புரியல தங்கச்சி."

அவளுக்கும் புரியவில்லை. சைக்கிள் கூட்டத்தில் மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். முசிறிக்காரருக்கு எஞ்சின் வந்து சேர்ந்த விவரம் எழுத வேண்டியிருந்தது. காகிதத்தைச் செருகி, பொருள் என்று அடித்துவிட்டு, அதன் எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.